தலைகீழாக எழுதிய நிரூபணம்: பத்துக்கு எத்தனை போடலாம்?

யாழினி_க

ஒரு பயிற்சி வகுப்புக்கு விடைத்தாள் திருத்திக்கொண்டிருக்கிறேன். எல்லாமே ‘நிரூபி’ என்று முடியும் கேள்விகள். இறுதி விடை சரியா என்று பார்த்து மார்க் போட இதில் வழியே இல்லை, ஏனென்றால் இறுதி வரி கேள்வித்தாளிலேயே அச்சாகியிருக்கிறது. அதனால் ஒரு கேள்விக்கு 10 என்று வைத்து, தர்க்கத்துக்கு 4, முழுமைக்கு 4, தெளிவுக்கு 2 என்று பிரித்துக்கொண்டேன்.

கேள்வி இது: a, b ≥ 0 எனில் (a+b)/2 ≥ √(ab) என நிரூபி. ஒரு மாணவர் எழுதியதை அப்படியே தருகிறேன்.

```
(a+b)/2 ≥ √(ab)
a+b ≥ 2√(ab)
(a+b)² ≥ 4ab
a² + 2ab + b² ≥ 4ab
a² − 2ab + b² ≥ 0
(a−b)² ≥ 0
```

கடைசியில் “இது உண்மை. ஆகவே நிரூபிக்கப்பட்டது” என்று முடித்திருக்கிறார். வேறு ஒரு சொல்லும் இல்லை.

நிரூபிக்க வேண்டியதையே முதல் வரியாக எடுத்துக்கொண்டதால் தர்க்கத்தில் 2 குறைத்தேன். a, b ≥ 0 என்ற நிபந்தனை எங்கே பயன்பட்டது என்று காட்டாததால் முழுமையில் 2. வரிகளுக்கு நடுவே இணைப்பே இல்லாததால் தெளிவில் இரண்டும் போயிற்று. மொத்தம் 4. இன்னும் பென்சிலில்தான் இருக்கிறது. அவர் என்னிடம் கேட்ட கேள்வி: “இதில் எந்த வரி தப்பு?” எந்த வரியும் தப்பில்லை என்பதுதான் சங்கடம். நீங்களாக இருந்தால் எவ்வளவு போடுவீர்கள்?

கறார்_கந்தன்

பூஜ்யம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? நிரூபிக்க வேண்டியதை உண்மை என்று வைத்துக்கொண்டு, அதிலிருந்து ஓர் உண்மையான வரிக்கு வந்து சேர்ந்தால் அது நிரூபணமாகிவிடுமா? 1 = 2 என்று தொடங்குங்கள். இரண்டு பக்கமும் 0-ஆல் பெருக்குங்கள். 0 = 0 வரும். உண்மைதானே? அப்படியானால் 1 = 2 நிரூபணமாகிவிட்டதா?

ஒவ்வொரு வரிக்கும் நடுவே ⇔ போட்டிருந்தால் முழு மார்க் கொடுத்துவிடலாம். அதைப் போடவில்லை, அவ்வளவுதான்.

மூன்றாம்பக்கம்

யாழினி மேடம், ஸ்டெப் மார்க் பிரச்சினை என்றால் எனக்கும் நடந்திருக்கிறது. x > 0 எனில் x + 1/x-இன் சிறும மதிப்பு என்ன என்று ஒரு தேர்வில் கேட்டார்கள். (x−1)² ≥ 0 என்று எழுதி, அதை x-ஆல் வகுத்து, x + 1/x ≥ 2, ஆகவே விடை 2 என்று முடித்தேன். விடை சரி, வழியும் சரி. ஆனால் “x = 1 என்று எழுதவில்லை” என்று சொல்லி மார்க்கைக் குறைத்துவிட்டார்கள். அற்பத்தனம் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். மாணவருக்குப் புரிந்திருக்கிறதா என்று பாருங்கள், எழுத்தைப் பிடித்துத் தொங்காதீர்கள்.

பழைய_திருத்துநர்

முதலில் கந்தன் சொன்னதிலிருந்து தொடங்குகிறேன். 1 = 2 உதாரணம் நல்ல உதாரணம்தான். ஆனால் அது எதைக் காட்டுகிறது? மேலிருந்து கீழே இறங்கும் வரிகள் மட்டும் போதாது என்பதைக் காட்டுகிறது. மேலிருந்து எழுதியது எல்லாம் தப்பு என்று அது காட்டவில்லை. 0-ஆல் பெருக்கிய வரியை மீண்டும் மேலே ஏற்ற முடியாது, அதனால்தான் அது உடைகிறது. எனவே திருத்துபவர் செய்ய வேண்டிய வேலை ஒன்றே: தாளைக் கீழிருந்து மேலே படித்துப் பார்க்க வேண்டும்.

இந்த மாணவரின் தாளைக் கீழிருந்து படிப்போம். (a−b)² ≥ 0, எப்போதும் உண்மை. விரித்தால் a² − 2ab + b² ≥ 0. இரண்டு பக்கமும் 4ab கூட்டினால் நான்காம் வரி, அதைச் சுருக்கினால் மூன்றாம் வரி (a+b)² ≥ 4ab. இதுவரை ஒரு தடையும் இல்லை. மூன்றிலிருந்து இரண்டுக்கு ஏறும்போதுதான் வர்க்கமூலம் எடுக்க வேண்டும். அப்போது கிடைப்பது |a+b| ≥ 2√(ab). a+b குறை எண்ணாக இல்லாவிட்டால்தான் அந்த இரண்டு கோடுகளை எடுத்துவிட முடியும். a, b ≥ 0 என்ற நிபந்தனைக்கு வேலை இருக்கும் ஒரே இடம் அது. மாணவர் அந்த இடத்தில் மௌனமாக இருக்கிறார்.

இப்போது ஒரு சோதனை. நிபந்தனையை அழித்துவிட்டு, a = b = −1 என்று வைத்துக்கொள்ளுங்கள். ab = 1, அதனால் √(ab) = 1. கேள்வி கேட்பது −1 ≥ 1, அதாவது பொய். ஆனால் மாணவரின் தாளில் மூன்றாம் வரி 4 ≥ 4, கடைசி வரி 0 ≥ 0. இரண்டும் உண்மை. ஓர் எழுத்துகூட மாற்றாமல் அதே தாள் ஒரு பொய்யையும் “நிரூபித்துவிடுகிறது”. ‘எந்த வரி தப்பு’ என்று கேட்ட மாணவருக்கு இதைக் காட்டினால் போதும். வரிகளில் தப்பில்லை. இரண்டாம் வரிக்கும் மூன்றாம் வரிக்கும் நடுவில் இருக்க வேண்டிய ஒன்று இல்லை.

மார்க் எவ்வளவு என்பதைப் பிறகு எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

யாழினி_க

இந்தச் சோதனை பிடித்திருக்கிறது. ஆனால் ஒரு சந்தேகம். இன்னொரு மாணவர் எழுதியது மொத்தமே இவ்வளவுதான்:

```
(√a − √b)² ≥ 0
a − 2√(ab) + b ≥ 0
(a+b)/2 ≥ √(ab)
```

இவருக்கு 10 போட்டுவிட்டேன். இவரும்தான் a, b ≥ 0 என்று எங்கேயும் எழுதவில்லை. அவருக்குக் குறைத்து இவருக்கு முழுசாகக் கொடுத்தால் அது நியாயமா?

கறார்_கந்தன்

நியாயமில்லை. இருவரும் நிபந்தனையைச் சொல்லவில்லை, இருவருக்கும் ஒரே வெட்டு. தவிர மூன்றே வரியில் ஒரு நிரூபணத்துக்கு முழுமை மார்க் நாலும் எப்படிக் கிடைக்கும்?

பழைய_திருத்துநர்

வித்தியாசம் இருக்கிறது, அதே சோதனையை வைத்தே பாருங்கள். a = b = −1 என்று இரண்டாம் மாணவரின் தாளில் போடப் போனால் முதல் வரியிலேயே √(−1) வந்து நிற்கும். தாள் மேலே நகராது. அதாவது இந்த நிரூபணத்தை வைத்துப் பொய்யை நிரூபிக்க முடியாது. √a என்று எழுதிய கணமே நிபந்தனை பயன்பட்டுவிட்டது. கேள்வியில் கொடுத்ததை மீண்டும் ஒருமுறை எழுதவில்லை என்பதற்காக மார்க் குறைப்பதில் அர்த்தமில்லை. எழுதினால் நன்றாக இருக்கும், அவ்வளவே.

நிபந்தனை தாளில் ‘சொல்லப்பட்டதா’ என்று தேடாதீர்கள். ‘வேலை செய்ததா’ என்று தேடுங்கள். முதல் வரியில் “a, b ≥ 0 என்க” என்று பவ்வியமாக எழுதிவிட்டு அதை எங்கேயும் பயன்படுத்தாத தாள்களும் வரும். அவற்றை விட இது எவ்வளவோ மேல்.

நீளத்தைப் பற்றி: மூன்று வரி குறைவா என்று கேட்டால், இதே வகுப்பில் படிக்கும் இன்னொரு மாணவர் ஒவ்வொரு வரியிலிருந்தும் அடுத்ததற்குத் தானாகவே போக முடியுமா என்பதுதான் அளவு. இங்கே முடியும். முழுமைக்கும் நீளத்துக்கும் சம்பந்தமில்லை.

வரைகோல்

கந்தன் தளர்ந்து கொடுக்க மாட்டார், தெரிந்த விஷயம்தானே :)

நான் மூன்றாம்பக்கத்துக்குப் பதில் சொல்ல வந்தேன். உங்கள் x + 1/x விஷயம் ஸ்டெப் மார்க் விஷயமே இல்லை. உங்களிடம் கேட்டது “சிறும மதிப்பு என்ன” என்று. x + 1/x ≥ 2 என்று காட்டினால், 2-க்குக் கீழே போகாது என்றுதான் தெரிகிறது. 2-ஐத் தொடுகிறதா என்று தெரியவில்லை. அதே x + 1/x ≥ 1 என்பதும் உண்மைதான், அதற்காக 1 சிறும மதிப்பு ஆகிவிடாது.

மூன்றாம்பக்கம்

2-ஐத் தொடும் என்பது பார்த்தாலே தெரிகிறதே! x = 1 போட்டால் வருகிறது. திருத்துபவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இரண்டு பேருக்கும் தெரிந்ததை எதற்கு எழுத வேண்டும்?

பழைய_திருத்துநர்

பார்த்தாலே தெரிகிறது என்பதை அந்தக் கணக்கில் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உங்கள் எழுத்து முறையை அப்படியே இன்னொரு கணக்கில் போட்டுப் பார்ப்போம். x > 0 எனில் 2x + 5/x-இன் சிறும மதிப்பு என்ன? ஒருவர் இப்படிப் பிரிக்கிறார்:

```
2x + 5/x = (x + 1/x) + (x + 4/x)
x + 1/x ≥ 2
x + 4/x ≥ 4
2x + 5/x ≥ 6
```

ஆகவே விடை 6. ஒவ்வொரு வரியும் உண்மை, நீங்கள் எழுதியது போலவே சுத்தமாக இருக்கிறது. ஆனால் விடை தப்பு. முதல் சமனிலியில் சமம் வர x = 1 ஆக வேண்டும், இரண்டாவதில் x = 2 ஆக வேண்டும். ஒரே x இரண்டாகவும் இருக்க முடியாது. அதனால் 6-ஐ அது தொடுவதே இல்லை. உண்மையான சிறும மதிப்பு 2√10, ஏறக்குறைய 6.32. அது x = √2.5 என்ற இடத்தில் வருகிறது.

உங்கள் விடை சரியாக வந்ததும் இவர் விடை தப்பாக வந்ததும் எழுத்தில் எந்த வித்தியாசத்தாலும் நடக்கவில்லை. “x = 1-இல் சமம்” என்ற அரை வரிதான் இரண்டையும் பிரிக்கிறது. இவர் அந்த அரை வரியை எழுத முயன்றிருந்தால் அங்கேயே மாட்டியிருப்பார். எனவே உங்களுக்குக் குறைத்தது சரி. ஆனால் எவ்வளவு குறைத்தார்கள்?

மூன்றாம்பக்கம்

5-க்கு 3 போட்டார்கள். சரி, 6.32 கணக்கைப் பார்த்த பிறகு வாதாட முடியவில்லை. ஆனாலும் இரண்டு மார்க் அதிகம்.

பழைய_திருத்துநர்

ஒன்று போதும் என்பது என் கட்சியும். சரி, இப்போது யாழினி கேட்டதற்கு வருகிறேன்.

உங்கள் மூன்று கட்டங்களில்தான் சிக்கல் இருக்கிறது. மாணவரின் தாளில் உள்ள குறை ஒன்று: இரண்டாம் வரிக்குத் திரும்பி ஏறும் வழியையும் அதற்கான காரணத்தையும் எழுதவில்லை. அந்த ஒரே குறையைத் தர்க்கம் என்ற பெயரில் ஒருமுறை, முழுமை என்ற பெயரில் ஒருமுறை, தெளிவு என்ற பெயரில் ஒருமுறை என்று மூன்று தடவை வசூலித்துவிட்டீர்கள். ஆறு மார்க் போனது அப்படித்தான். கட்டம் பிரித்துத் திருத்தும்போது இது சர்வ சாதாரணமாக நடக்கும், ஏனென்றால் நிரூபணத்தில் இந்த மூன்றும் தனித்தனியாக இருப்பதில்லை. ஒரு வரி விடுபட்டால் மூன்றும் சேர்ந்தே அடிவாங்கும்.

நான் பின்பற்றும் வழி இது. முதலில் கட்டத்தைப் பார்க்காமல் தாளை முழுசாகப் படித்து, ஒரே ஒரு கேள்வி கேட்பேன்: இது சிறு ஓட்டை உள்ள நிரூபணமா, அல்லது நிரூபணம் இல்லாமல் நல்ல யோசனை மட்டும் உள்ள தாளா? ஓட்டையை மாணவர் கையில் ஏற்கெனவே உள்ள சரக்கை வைத்தே ஓரிரு வரியில் அடைக்க முடிந்தால் முதல் வகை. அதற்கு 10-இலிருந்து இறங்கி வருவேன். அடைக்கப் புதிய யோசனை வேண்டுமென்றால் இரண்டாம் வகை, 0-விலிருந்து ஏறுவேன். எந்தப் பக்கம் என்று முடிவான பிறகுதான் எண்.

கல்லூரி மாணவர்களுக்கான பட்னம் கணிதப் போட்டியில் இது அப்பட்டமாகத் தெரியும். அங்கே 12 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 10. அநேகமாக 0, 1, 2 அல்லது 8, 9, 10 தான் விழும், நடுவில் உள்ள எண்கள் அபூர்வம். சர்வதேச கணித ஒலிம்பியாடில் ஒரு கேள்விக்கு 7, அங்கே நடு எண்கள் இன்னும் கொஞ்சம் புழங்கும். ஆனால் மேலிருந்து இறங்குகிறோமா கீழிருந்து ஏறுகிறோமா என்ற யோசனை அங்கேயும் உண்டு. உங்கள் 4 விழுந்திருப்பது சரியாக யாரும் நிற்காத பள்ளத்தில்.

இந்த மாணவரின் ஓட்டையை அடைக்க “a+b ≥ 0 என்பதால் எல்லாப் படிகளும் இரு திசையிலும் செல்லும்” என்ற ஒரு வரி போதும். ஆக முதல் வகை. நான் 7 அல்லது 8 போடுவேன்.

வரைகோல்

எனக்கு அந்த எண் ஒத்துவரவில்லை. பெரிய கணக்கு ஒன்றின் நடுவில் இது ஒரு படியாக வந்தால் ஒரு மார்க் குறைத்துவிட்டுப் போகலாம். ஆனால் இந்தக் கேள்வியில் வேறு என்ன இருக்கிறது? விரித்து எழுதுவது எல்லாருக்கும் தெரியும். a, b ≥ 0 எங்கே தேவைப்படுகிறது என்று கண்டுபிடிப்பதுதான் இதன் ஒரே கணிதம், அதையே விட்டவருக்கு 8 என்றால் விரிவாக்கத்துக்கு மட்டும் 8 கொடுத்ததாகும். நான் 5-க்கு மேல் போக மாட்டேன்.

பழைய_திருத்துநர்

நல்ல வாதம். ஒரே ஓட்டைக்கு எல்லாக் கேள்வியிலும் ஒரே விலை கிடையாது என்பது உண்மை. ஆனால் முழு சதுரத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்ற யோசனையைக் கண்டுபிடித்தது அந்த மாணவர்தானே? வகுப்பில் எத்தனை பேர் அதுவரை வந்தார்கள் என்பதைப் பொறுத்து நான் 7-க்கு இறங்கலாம். 5-க்கு வர மனமில்லை.

இதனால்தான் மார்க் திட்டத்தை விடைத்தாள்களைப் பார்க்காமல் முடிவு செய்யக் கூடாது. முதலில் ஒரு பத்துப் பதினைந்து தாள்களை மார்க் போடாமல் படியுங்கள். எந்தெந்த ஓட்டைகள் திரும்பத் திரும்ப வருகின்றன என்று தெரிந்துவிடும். ஒவ்வோர் ஓட்டைக்கும் விலையை எழுதி வைத்துக்கொண்டு, அதன்பின் எல்லாத் தாளிலும் அந்த ஒரு கேள்வியை மட்டும் தொடர்ந்து திருத்துங்கள். ஒரு மாணவரின் தாளை முழுக்கத் திருத்திவிட்டு அடுத்தவருக்குப் போனால், இருபதாவது தாளுக்கு வரும்போது அதே ஓட்டைக்கு வேறு விலை போட்டிருப்பீர்கள்.

நான்குநிறம்

இழையின் ஓரமாக ஒரு கேள்வி. அடுத்தடுத்த நாடுகளுக்கு ஒரே நிறம் வராமல் எந்த நிலப்படத்தையும் தீட்ட நான்கு நிறம் போதும் என்ற நான்கு நிறத் தேற்றத்துக்கு 1879-இல் கெம்ப் நிரூபணம் வெளியிட்டார். 1890-இல் ஹீவுட் அதில் ஓட்டை கண்டுபிடிக்கும் வரை 11 வருடம் அது நிரூபணமாகவே உலவியது. கெம்ப் உங்கள் வகுப்பில் இருந்தால் எந்தப் பக்கம்? ஓரிரு வரியில் அடைக்க முடியாத ஓட்டை, 1976-இல் ஆப்பெலும் ஹாக்கெனும் கணினியை வைத்துத்தான் முடித்தார்கள். உங்கள் விதிப்படி கெம்புக்கு 2. ஆனால் அதே கெம்பின் முறையை வைத்துத்தான் ஹீவுட் ஐந்து நிறம் போதும் என்று நிரூபித்தார். 2 கொடுக்க எனக்குக் கை வராது.

பழைய_திருத்துநர்

கேள்வி “நான்கு நிறம் போதும் என நிரூபி” என்றால் 2 தான், வருத்தத்தோடு. “ஐந்து நிறம் போதும்” என்று கேட்டிருந்தால் அதே யோசனைக்கு ஏறக்குறைய முழு மார்க். எழுதியவரின் திறமைக்கு மார்க் இல்லை, கேட்டதைத் தாள் நிறுவுகிறதா என்பதற்குத்தான்.

நான்குநிறம்

அப்படியானால் அழகான நிரூபணத்துக்கும் அசிங்கமான நிரூபணத்துக்கும் ஒரே மார்க்கா?

பழைய_திருத்துநர்

இரண்டும் சரியாக இருந்தால் ஆம். ஒலிம்பியாடில் அழகுக்காக 7-க்கு மேல் எட்டாவது மார்க் கிடையாது, அதற்கென்று தனியாகச் சிறப்புப் பரிசு உண்டு. 2005-இல் மூன்றாம் கேள்விக்கு, அதுவும் ஒரு சமனிலிதான், மால்டோவா மாணவர் யூரி போரெய்கோவுக்கு அப்படிக் கொடுத்தார்கள். தெளிவுக்கு என்று நான் மார்க் வெட்டுவது ஓர் இடத்தில்தான்: ஒரு வரி உண்மையில் என்ன சொல்கிறது என்று என்னால் தீர்மானிக்க முடியாமல், இரண்டு விதமாகப் படிக்க இடமிருந்து, அதில் ஒரு விதம் தப்பாக இருக்கும்போது. கையெழுத்து, அடித்தல் திருத்தல், வரிசை மாறி எழுதுவது, இவற்றுக்கெல்லாம் வெட்டுவதில்லை. எரிச்சல் வரும், அது வேறு.

யாழினி_க

இரண்டு நாள் கழித்து வருகிறேன். கட்டங்களை எடுத்துவிட்டேன். எல்லாத் தாளையும் ஒரு தடவை சும்மா படித்ததில், தலைகீழாக எழுதியவர்கள் நிறையப் பேர் என்று தெரிந்தது. ஆனால் அவர்களில் சிலர் கடைசியில் “a+b ≥ 0 என்பதால் திரும்பிப் போகலாம்” என்று எழுதியிருக்கிறார்கள். அவர்களுக்கு 10. எழுதாதவர்களுக்கு 7 என்று வைத்திருக்கிறேன். வரைகோல் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

அந்த மாணவரிடம் a = b = −1 காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “அப்படியானால் நடுவில் ⇔ போட்டால் சரியாகிவிடுமா?” என்று கேட்டார்.

கறார்_கந்தன்

நான் முதலிலேயே சொன்னது அதுதானே! ⇔ போட்டால் முழு மார்க்.

யாழினி_க

கந்தன் சார், அவர் அடுத்த கேள்வியில் ஏற்கெனவே போட்டிருக்கிறார். x = √(x+2)-ஐத் தீர்க்க வேண்டும்.

```
x = √(x+2)
⇔ x² = x + 2
⇔ (x−2)(x+1) = 0
⇔ x = 2 அல்லது x = −1
```

x = −1 போட்டால் இடப்பக்கம் −1, வலப்பக்கம் 1. முதல் ⇔ பொய். அதே வர்க்கம், அதே இடம், ஆனால் இந்தத் தடவை குறி போட்டிருக்கிறார்.

வரைகோல்

குறி போடாதவர் எதையும் உரிமை கொண்டாடவில்லை. இவர் பொய்யான ஒன்றை உரிமை கொண்டாடியிருக்கிறார். என்னைக் கேட்டால் இது முதல் தாளைவிட மோசம்.

கறார்_கந்தன்

சரி, குறி போட்டால் போதாது, ஒவ்வொரு குறியையும் சோதித்துப் பார்க்க வேண்டும். ஆனால் அதற்காக முதல் தாளுக்கு 7 என்பதை ஏற்க மாட்டேன். 3.

பழைய_திருத்துநர்

இந்தத் தாளுக்கு ஓட்டையின் விலை வேறு. இங்கே விளைவு தாளிலேயே வந்துவிட்டது, தப்பான ஒரு தீர்வு சேர்ந்துவிட்டது. x = 2 வந்ததற்கு என்ன கொடுப்பது என்று எனக்கு இன்னும் முடிவாகவில்லை. அவர் −1-ஐ மூலச் சமன்பாட்டில் போட்டுப் பார்த்ததற்கான தடயம் ஏதாவது ஓரத்தில் இருக்கிறதா, யாழினி?

யாழினி_க

ஓரத்தில் “√1 = ±1” என்று எழுதி வட்டம் போட்டிருக்கிறார்.

பழைய_திருத்துநர்

அப்படியானால் அது விடுபட்ட வரி இல்லை, தப்பான நம்பிக்கை. கீழிருந்து ஏறித்தான் மார்க் போட வேண்டும்.